இராஜினாமாக் கடிதத்தில் கடைக்கடனையும் எழுத வேண்டுமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு யோசனை சொல்லுங்கள். நான்கு வருடமாக மட்டக்களப்பில் விற்பனைப் பிரதிநிதி நான். ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஓடர் எடுக்கிறேன். இப்போது கொழும்பில் வேறொரு நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: "விற்பனைப் பிரதிநிதிப் பதவியிலிருந்து விலகுகிறேன். ஏப்ரல் 2 எனது இறுதி வேலைநாள். அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைப்பேன்." புதிய இடத்தின் பெயரை எழுதவில்லை, அது அவர்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சிக்கல் நிலுவையில்தான். 11 கடைகளிலிருந்து 342,000 ரூபாய் வர வேண்டும். இரண்டு காசோலைகளின் திகதி ஏப்ரல் 10, அதாவது நான் போன பிறகு. முன்பு விலகிய நண்பர் ஒருவருக்கு நடந்தது கண்முன் நிற்கிறது. "அந்தத் தம்பியிடம் அப்போதே காசு கொடுத்துவிட்டேனே" என்று ஒரு முதலாளி சொல்ல, அவருடைய கடைசி மாதக் கமிஷன் நின்றுபோனது. மறுத்துக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் பற்றுச்சீட்டு இலக்கம், மீதித்தொகை எழுதி, முதலாளியின் கையொப்பமும் கடை முத்திரையும் வாங்கப்போகிறேன். அந்தப் பட்டியலைக் கடிதத்துடன் இணைப்பதா, கடைசி நாளில் தனியாகக் கொடுத்து முகாமையாளரிடம் பிரதியில் கையொப்பம் வாங்குவதா? ஒப்படைப்புப் படிவ மாதிரி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். திங்கட்கிழமை கடிதம் கொடுக்க வேண்டும்.