பொழுது சாய்ந்தால் மறுநாள்: இந்த விதிக்கு ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பாலக்காட்டு எல்லையில் எங்கள் கடைச் சுவரில் தமிழ் காலண்டரும் மலையாளக் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். 2023இல் சித்திரை 1 ஏப்ரல் 14, மேடம் 1 ஏப்ரல் 15. எது தப்பு என்று கேட்காத ஆளில்லை. இரண்டும் சரிதான். சூரியன் மேஷத்தில் நுழைந்தது 14ஆம் தேதி பிற்பகல் 3 மணி வாக்கில். தமிழ் வழக்கில் பொழுது அடைவதற்குள் சங்கிரமணம், அதாவது சூரியன் ராசி மாறுவது, நடந்தால் அன்றே மாதப்பிறப்பு, அடைந்த பிறகென்றால் மறுநாள். மலையாள வழக்கில் பகலை ஐந்து பங்காக்கி, மூன்றாம் பங்கு முடிவதற்குள் நடக்க வேண்டும். இங்கே ஏப்ரல் நடுவில் உதயம் 6.15 வாக்கில், அஸ்தமனம் 6.35 வாக்கில். கணக்குப் போட்டால் எல்லை பகல் 1.40 பக்கம் வரும், 3 மணி அதைத் தாண்டிவிட்டது.

இந்த எல்லைக்குத்தான் பெயர் வேண்டும். 'மாத வரம்பு' என்று பொதுவாக வைத்து, நம்முடையதை 'அந்தி வரம்பு' எனலாமா? வயல் வரப்பு மாதிரிதானே, இந்தப் பக்கம் விழுந்த தண்ணீர் இந்த வயலுக்கு.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து:
அண்ணா, கேரளத்தில் உதயம்தான் விதி. 2022இல் சங்கிரமணம் காலை 9 மணிக்குள்ளேயே நடந்தும் விஷு 15ஆம் தேதிதானே வந்தது?

வேலந்தாவளத்திலிருந்து:
தம்பி சொல்வது விஷுக்கணிக்குச் சரி, மாதத்துக்கு இல்லை. கணி விடியலில் காண்பது, அதனால் சங்கிரமணத்துக்குப் பின் வரும் முதல் விடியலைப் பார்ப்பார்கள். அந்த வருஷம் மேடம் 1 14ஆம் தேதியேதான்.

சொல்லைப் பற்றி: 'அந்தி' வேண்டாம். அந்தி என்றால் பொழுது அடைந்த பிறகும் கொஞ்ச நேரம் நீளும், விதியோ சூரியன் மறையும் கணத்தில் நிற்கிறது. 'அடைவு வரம்பு' என்றால் அந்தக் கணம் கச்சிதமாக விழும். ஏனென்றால் தகராறு வருவதே அந்த ஓரத்தில்தான். வாக்கியப் பஞ்சாங்கம் வருஷத்தை 365 நாள் 6 மணி 12½ நிமிஷம் என்று எடுக்கிறது, திருக்கணிதத்தில் அது 6 மணி 9 நிமிஷம்தான். வருஷத்துக்கு மூன்று நிமிஷம் என்றாலும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தால் மணிக்கணக்கு. ஒன்றில் சங்கிரமணம் சாயங்காலம் 5 மணிக்கும் மற்றதில் இரவு 8 மணிக்கும் விழுந்தால், ஒரே அடைவு விதியிலேயே மாதம் ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். காலையில் விழுந்தால் அந்த மூன்று மணி வித்தியாசம் வெளியே தெரியவே தெரியாது. அப்புறம், சென்னையைவிட இங்கே பொழுது கால்மணி நேரம் பிந்தித்தான் அடைகிறது, எந்த ஊர் அஸ்தமனம் என்பதையும் சொல்லோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

கோவிந்தாபுரத்திலிருந்து:
என் பேரன் 2023 ஏப்ரல் 14 சாயங்காலம் 5 மணிக்குப் பிறந்தான். தமிழ் காலண்டரில் சித்திரை, சம்பந்தி வீட்டுக் காலண்டரில் மீனம் கடைசி நாள். நட்சத்திரப் பிறந்தநாளை எந்த மாதத்தில் எடுப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அம்மா, அவன் பிறக்கும்போது சூரியன் மேஷத்துக்குள் வந்தாயிற்று, நான் சித்திரை என்றுதான் சொல்வேன். சம்பந்தி வீட்டு ஜோசியர் வேறு சொன்னால் அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று எழுதுங்கள். 'அடைவு' நல்ல சொல். ஆனால் வங்கிக்காரர்கள் கடன் அடைப்பதற்கும் அதைச் சொல்கிறார்களே, அதுதான் இடிக்கிறது.