வாட்ஸ்அப்பில் ஒன்று, வெப்சைட்டில் ஒன்று: ஒரே ஆர்டரா, இரண்டா?

முறுக்குக்கடை: எங்கள் பலகாரக் கடைக்கு வாட்ஸ்அப்பிலும் வெப்சைட்டிலும் ஆர்டர் வருகிறது. சிலர் ஒரே ஆர்டரை இரண்டிலும் போட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒருவருக்கு இரண்டு பார்சல் போய்விட்டது. ஒன்றை வாங்காமல் திருப்பி அனுப்பினார். அதிரசம் நொறுங்கி வந்தது. இதை அனுப்பும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

தறிநாடா: போன் நம்பரும் தொகையும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது ஆர்டர் தானாகக் கேன்சல் ஆகும்படி வையுங்கள். என் துணிக்கடையில் அப்படித்தான்.

நடுநிசிநிரல்: நம்பரைப் பார்ப்பது சரி. தொகையை நம்ப முடியாது. வெப்சைட்டில் கூரியர் கட்டணம் சேரும், கூப்பன் கழியும். வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு இன்னும் விலையே சொல்லியிருக்க மாட்டீர்கள். முறுக்குக்கடை, அந்த இரண்டு ஆர்டரும் எத்தனை மணிக்கு, எப்படி வந்தன?

முறுக்குக்கடை: காலை 10:40க்கு வாட்ஸ்அப்பில் "அதிரசம் 1 கிலோ, கைமுறுக்கு அரை கிலோ" என்று அனுப்பினார். கடையில் கூட்டம், பதில் போடவில்லை. 11:25க்கு வெப்சைட்டில் அதிரசம் அரை கிலோ பாக்கெட் 2, கைமுறுக்கு 250 கிராம் பாக்கெட் 2 என்று போட்டுப் பணமும் கட்டிவிட்டார். அது 4 மணிக்குக் கூரியரில் போனது. வாட்ஸ்அப் ஆர்டரை எங்கள் பெண் மாலை 6 மணிக்கு, பொருள் வந்ததும் பணம் என்று ஏற்றினார்.

நடுநிசிநிரல்: பிரச்சினை அந்த 6 மணியில்தான் இருக்கிறது. பேக்கிங் பட்டியலை மட்டும் பார்த்தால் முதல் ஆர்டர் ஏற்கெனவே போய்விட்டதால் கண்ணில் படாது. ஆகவே வாட்ஸ்அப் ஆர்டரை ஏற்றும்போதே, நம்பரை அடித்தவுடன் அனுப்பியவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். நேரம் என்று எடுப்பது மெசேஜ் வந்த 10:40. ஏற்றிய 6 மணி இல்லை.

```sql
SELECT id, status FROM orders
WHERE source = 'web' AND phone = :phone
  AND ABS(TIMESTAMPDIFF(MINUTE, asked_at, :msg_time)) <= 1440;
```

வெப்சைட் ஆர்டர் பிந்தி வந்தால் இதையே திருப்பிப் போட்டு `'chat'` என்று தேடுங்கள்.

நம்பரைச் சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து நாட்டுக் குறியீடு 91 சேர்ந்து வரும். வெப்சைட்டில் ஒருவர் 10 இலக்கம் அடிப்பார், ஒருவர் முன்னால் 0 போடுவார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். கடைசி 10 இலக்கத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று தோன்றும். சிங்கப்பூர் நம்பர் 8 இலக்கம்தான், அங்கே குழம்பிவிடும். குறியீட்டோடு முழு நம்பரையும் வையுங்கள்.

பொருளைப் பாக்கெட் கணக்கில் ஒப்பிடாதீர்கள், கிராமில் கூட்டுங்கள். அவருடைய இரண்டு ஆர்டரிலும் அதிரசம் 1000, கைமுறுக்கு 500. அச்சாகப் பொருந்துகிறது.

மழைக்காகிதம்: எனக்கும் இதே தொல்லை. பணம் கட்டும் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவதால் இரண்டு ஆர்டர் விழுகிறது.

நடுநிசிநிரல்: உங்களுடையது வேறு. அங்கே அழுத்தம்தான் இரண்டு, ஆர்டர் ஒன்று. பணம் கட்டும் பக்கம் திறக்கும்போதே ஒரு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிட்டால் போதும். இங்கே அந்த ஆளே இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கேட்கிறார். பொதுவான எண் எதுவும் கிடையாது.

தறிநாடா: எல்லாம் பொருந்திவிட்டால் கேன்சல் செய்ய வேண்டியதுதானே? தீபாவளி நேரத்தில் யார் ஒவ்வொருவருக்கும் போன் போடுவது?

சீர்வரிசை: தயவுசெய்து தானாகக் கேன்சல் செய்யாதீர்கள். நான் ஸ்வீட் கடை வைத்திருக்கிறேன். ஒரு அம்மா தன் வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று ஒரே பொருளை, ஒரே அளவில், ஒரே நம்பரிலிருந்து கேட்டிருந்தார். சம்பந்தி வீட்டு ஆர்டரைத்தான் எங்கள் சிஸ்டம் அழித்தது. அந்தத் தலைதீபாவளிக்கு அங்கே பலகாரம் போகவே இல்லை. திரும்பி வந்த பார்சலுக்குக் கூரியர் காசோடு முடிந்துவிடும், இதை எதைக் கொண்டு சரிக்கட்டுவது?

நடுநிசிநிரல்: அதனால் பின்கோடையும் பாருங்கள். பின்கோடு வேறென்றால் விட்டுவிடுங்கள். அதுவும் ஒன்றென்றால் பணம் கட்டியதை அனுப்பிவிட்டு மற்றதை நிறுத்தி வையுங்கள். "காலையில் கேட்டதும் வெப்சைட்டில் போட்டதும் ஒரே ஆர்டரா, இரண்டு தனித்தனியா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டால் போதும், போன் வேண்டாம்.

தறிநாடா: பதில் வராவிட்டால்? நிறுத்தி வைத்த அதிரசம் என் சேலை மாதிரி அலமாரியில் காத்திருக்காது.

நடுநிசிநிரல்: பொரிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்யணும்.

முறுக்குக்கடை: நம்பர் அடித்ததும் தேடுவதை இன்றே வைக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டு, மனைவி தன் நம்பரில் வெப்சைட்டில் போடுவதும் நடக்கிறது. அதை எப்படிப் பிடிப்பது?

நடுநிசிநிரல்: பின்கோடும் கதவு எண்ணும் வைத்துத் தேடிப் பார்த்தேன். அடுக்குமாடியில் '4B', '4-பி', 'பி4' என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பில் முதல் மெசேஜில் முகவரியே இருக்காது. எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

சீர்வரிசை: நாங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டவுடனே "வெப்சைட்டிலும் போட்டிருக்கிறீர்களா, எந்த நம்பரில்?" என்று கேட்டுவிடுகிறோம். பாதிப் பேர் பதில் சொல்கிறார்கள்.