ஹேண்ட்ஆஃப்: கைமாற்றா, கையளிப்பா?

மீனா:
இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒரு கடைக்கு, இன்ஸ்டாகிராமில் வரும் மெசேஜ்களை விற்பனை, உதவி, ஸ்பேம் எனப்படும் எரிதம் என்று தானாகப் பிரிக்கும் நிரலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஹேண்ட்ஆஃப் என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். தானாகப் பதில் சொல்லும் போட் வாயை மூடிக்கொண்டு உரையாடலைக் கடை ஆளிடம் விடுகிறதே, அது. பொத்தானில் 'கைமாற்று' என்று போட்டேன், கடைக்கார அக்கா "யாருக்குக் கடன் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

பாலு:
நிரலுக்குச் சந்தேகம் வந்தால்தானே ஆளிடம் போகிறது? 'ஐய மாற்றம்' எனலாம்.

சிவகுமார்:
பாலு, சந்தேகம் ஒரு காரணம்தான். எங்களுக்கு வந்த ஒன்று: "போன வாரம் வாங்கின சேலை சாயம் போகுது, அதே டிசைன்ல பச்சை இருக்கா?" பிரிப்பான் ஒன்றுக்கு 0.91 மதிப்பெண்ணோடு விற்பனை என்றது, சந்தேகமே இல்லை. உடனே விலைப்பட்டியல் போனது, அந்த அம்மா கொதித்துவிட்டார். அதற்கப்புறம் சாயம், கிழிசல், பணம் திரும்ப என்று எது வந்தாலும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஆளிடம் விடுகிறோம்.

இன்னொன்று, யார் கையில் உரையாடல் இருக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் ஏபிஐயில் `pass_thread_control` என்றால் கொடுப்பது, `take_thread_control` என்றால் திரும்ப எடுப்பது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஆளும் போட்டும் ஒரே நேரத்தில் பதில் போடுவார்கள். வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் போட் பேசலாம். ஆள் என்றால், அனுமதி வாங்கி `HUMAN_AGENT` என்ற குறியோடு 7 நாள் வரை பதில் தரலாம். சனி இரவு வந்த புகாருக்குத் திங்கள் காலை பதில் போவது இதனால்தான்.

துஷ்யந்தி:
யாழ்ப்பாணத்தில் இதைக் 'கையளிப்பு' என்றுதான் சொல்லுவோம். ஆவணத்தைக் கையளித்தார், பொறுப்பைக் கையளித்தார். திரும்ப எடுப்பதற்கு 'மீளப்பெறு' இருக்கிறது.

ராஜா:
எனக்கும் இப்படித்தான். ஒரு கடைக்கு நூல் சாம்பிள் படங்களை லிங்க்காக அனுப்பி "ரேட் என்ன" என்று கேட்டேன், பத்து நாள் பதிலே இல்லை. எரிதத்தில் கிடந்ததாம். இதற்கு என்ன வழி?

சிவகுமார்:
ராஜா, கேள்வி சொல்லைப் பற்றியது, ஆனால் நீங்கள் சொன்னது முக்கியம். எரிதம் என்று ஒதுக்கியதை யாரிடமும் கையளிப்பதில்லை, அதனால் அங்கே நடக்கும் தவறு வெளியே தெரியாது. தினமும் அதிலிருந்து இருபதை எடுத்து ஓர் ஆள் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பாலு:
சரி, ஐயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் சேலத்துப் பக்கம் கையளிப்பு என்றால் ஏதோ விழாவில் பரிசு கொடுப்பதுபோல இருக்கிறதே?

மீனா:
ஆவணத்தில் கையளிப்பு என்றே எழுதுகிறேன், துஷ்யந்தி அக்கா. பொத்தானில் மட்டும் 'ஆளிடம் விடு'. மீளப்பெறு கடைக்கார அக்காவுக்குப் புரியுமா என்று தெரியவில்லை, 'போட்டிடம் விடு' என்று போட்டுக் காட்டப் போகிறேன். திங்கட்கிழமை அவர் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.