பத்துச் சீர் வந்த குறள்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை

கயல்: [படம்]
பெரியப்பா, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பாருங்க. மாதிரித் தாளில் வந்தது. "குறளை அலகிட்டு வாய்பாடு தருக, பயின்று வந்த அணியைச் சுட்டுக." சீர் எண்ணிக்கையே எனக்கு ஒத்துவரவில்லை.

கயல்: படம் மங்கலாக இருக்கும், எழுதியே விடுகிறேன்.
பீலி பெய் சாகாடும் அச்சு இறும் அப் பண்டம்
சால மிகுத்துப் பெயின்
ஏழு வர வேண்டிய இடத்தில் பத்து வருது.

முகில் அண்ணன்: இதுக்குப் போய் பெரியப்பாவா? சின்னச் சொல்லை எல்லாம் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிடு. பீலிபெய், சாகாடும், அச்சுஇறும், அப்பண்டம். மேலே நாலு, கீழே மூணு. அணி, உவமை அணி. முடிஞ்சுது.

கயல்: ஒட்டியும் பார்த்தேன் அண்ணா. அச்சுஇறும் தேமாங்கனி ஆகுது. அச் / சு / இறும், நேர் நேர் நிரை.

முகில் அண்ணன்: அப்போ தேமாங்கனின்னு எழுது. அப்படி ஒரு வாய்பாடு இருக்குதானே.

சித்தப்பா: மயிலிறகு ஏத்தின வண்டிக்கும் அச்சு முறியும்னு போட்டிருக்கா? நூத்துக்கு நூறு உண்மை. ஏற்காட்டிலிருந்து மிளகு ஏத்தி இறங்கினப்போ, இன்னும் ஒரு மூட்டை, இன்னும் ஒரு மூட்டைன்னு ஏத்திவிட்டாங்க. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட இறங்கல, பின் அச்சு போச்சு. ராத்திரி முழுக்க ரோட்டிலேயே கிடந்தேன். இதுக்கு எதுக்கு அணி? லோடு அளவா ஏத்துன்னு நேரா சொல்லியிருக்கார்.

அத்தை: நீ இன்னும் அந்த மூட்டையை இறக்கலையா 😀

பெரியப்பா: இங்கே மேகம் இறங்கிவிட்டது, டவர் வந்து வந்து போகிறது. துண்டு துண்டாகத்தான் அனுப்புவேன், நடுவில் பேசாதீர்கள்.

பெரியப்பா: கயல், தேமாங்கனி வந்த இடத்திலேயே நீ நின்றது சரி. முகில் சொன்னபடி அந்த வாய்பாடு இருக்கிறது, ஆனால் வெண்பாவுக்குள் அதற்கு இடமில்லை. குறள் வெண்பாவில் கனிச்சீர் ஒன்று வந்தால், பாட்டில் பிழை இல்லை, நாம் பிரித்ததில்தான் பிழை என்று வைத்துக்கொள்.

பெரியப்பா: உன் படத்தில் இருப்பது, பொருள் புரிவதற்காகச் சொல் சொல்லாகப் பிரித்து அச்சிட்ட வடிவம். அலகிட அது உதவாது. அச்சு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்து உயிர் வந்தால் அது ஓடிவிடும், மிச்சம் நிற்கும் ச் வரும் இகரத்தோடு சேர்ந்து சி ஆகும். அச்சிறும். இப்போது அசை பிரி.

கயல்: அச் / சிறும். நேர் நிரை. கூவிளம்!

முகில் அண்ணன்: நானும் ஒட்டத்தானே சொன்னேன்.

பெரியப்பா: நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய், புணர்க்கவில்லை. நாலு மூன்று என்று எண்ணியது மட்டும் சரி.

முகில் அண்ணன்: அப்படின்னா மிகுத்து என்பதிலும் உகரம் போகணுமே?

பெரியப்பா: அதற்கு அடுத்து வருவது பெயின். உயிர் இல்லையே, எதற்குப் போக வேண்டும்? மிகுத்துப் என்று ஒற்று மிகுந்து அப்படியே நிற்கும். மிகுத் / துப், புளிமா.

பெரியப்பா: பழைய பதிப்பில் குறள் இப்படி இருக்கும்:
பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்
பண்டம் பண்டஞ் ஆவதால் அலகு மாறாது, இரண்டுமே ஒற்றுதான்.

கயல்: கூவிளம், தேமாங்காய், கூவிளம், தேமாங்காய். அப்புறம் தேமா, புளிமா. கடைசியில் பெயின், பெ / யின், நேர் நேர்னு வருதே?

பெரியப்பா: குறிலை அவசரப்பட்டு வெட்டாதே. பெ குறில், அடுத்த யி-யும் குறில். இரண்டும் இணைந்து, ஒற்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே நிரை. கடைசிச் சீரில் தனி நிரை நின்றால் மலர்.

பெரியப்பா: இனி தளை பார். அலகிட்டது சரிதானா என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வழி அது. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். எங்காவது முட்டினால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போ.

கயல்: பீலிபெய் விளம், அடுத்து சா நேர். சாகாடும் காய், அடுத்து அச் நேர். அச்சிறும் விளம், அப் நேர். அப்பண்டஞ் காய், சா நேர். சால மா, மிகுத் நிரை. மிகுத்துப் மா, பெயின் நிரை. எங்கேயும் முட்டலை 👍

அத்தை: எனக்கு ஒண்ணு சொல்லணும். பிரிச்சுப் போட்டதைக் குறை சொல்லாதீங்க அண்ணா. சேர்த்து இருந்தா என் பையனுக்குக் குறள் வாயிலேயே நுழையாது.

பெரியப்பா: படிக்கப் பிரித்துப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அலகிடு என்று கேட்கிற கேள்வியில் பிரித்துப் போட்டது அநியாயம்.

அத்தை: ரெண்டையும் போட்டா என்ன, தாள் தீர்ந்துடுமா?

முகில் அண்ணன்: அணியை மறந்துட்டோம். உவமைதானே? மயிலிறகு, வண்டி எல்லாம் இருக்கே.

பெரியப்பா: எதற்கு உவமை?

முகில் அண்ணன்: அரசனுக்கு.

பெரியப்பா: குறளில் அரசன் எங்கே இருக்கிறான்?

முகில் அண்ணன்: ...

பெரியப்பா: உன் சித்தப்பா வண்டியைப் பற்றித்தான் பேசினார், குறளும் வண்டியைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. உவமை மட்டும் நிற்கிறது, சொல்ல வந்த பொருளை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் பிறிது மொழிதல் அணி. பரிமேலழகரும் அந்தப் பெயரையே சொல்கிறார். ஒட்டு என்று சொல்பவர்களும் உண்டு என்கிறார். தேர்வில் பிறிது மொழிதல் என்றே எழுது.

சித்தப்பா: அப்போ நான் சொன்னது தப்பில்லை 😎

பெரியப்பா: தப்பில்லை, பாதி. இது வலியறிதல் அதிகாரம். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் அழிவான் என்பது பரிமேலழகர் எடுக்கும் பொருள்.

சித்தப்பா: எனக்கு அப்படித் தோணலை. தாங்கற அளவுக்கு மேல எதையும் தலையில ஏத்திக்காதேன்னு எடுத்துக்கக் கூடாதா? வேலை, கடன், எதுவானாலும்.

பெரியப்பா: பொருளைச் சொல்லாமல் விட்டதால் அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் எனக்குப் பகை என்பதே பொருந்துகிறது.

சித்தப்பா: அடுத்த வாரம் மேலே வரும்போது பேசிக்கலாம்.

கயல்: பெரியப்பா, அடுத்த கேள்வியும் இதே ரகம். படத்தில் "நுனிக்கொம்பர் ஏறினார் அஃது இறந்து ஊக்கின் / உயிர்க்கு இறுதி ஆகிவிடும்" என்று இருக்கு.

பெரியப்பா: இதில் சில இடங்களில் பிரிக்கக் கூடாததைப் பிரித்திருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் பிரிக்க வேண்டியதைச் சேர்த்திருக்கிறார்கள். நீயே கண்டுபிடி. ஆய்தம் வந்தால் ஒற்றுப் போலவே வைத்துக்கொள்.

கயல்: சேர்த்தது ஆகிவிடும். கூவிளங்காய் ஆகுது, கடைசிச் சீரில் அது நிற்காது. யாகி, விடும் என்று பிரிச்சா தேமா, மலர்.

கயல்: மேலே அஃது இறந்து ஊக்கின், ரெண்டு உகரமும் போகும். அஃதிறந்தூக்கின். ஆனா ஒரே சீரா வைத்தா ரொம்ப நீளம், முதலடியில் மூணு சீர்தான் வரும்.

முகில் அண்ணன்: அஃ-க்குப் பக்கத்தில் வெட்டு.

கயல்: இல்லை அண்ணா, அஃதிறந் / தூக்கின். சொல்லுக்கு நடுவிலேயே சீர் முடியுது. கூவிளம், தேமா. அடுத்த அடி உயிர்க்கிறுதி, கருவிளங்காய். நுனிக்கொம்பர் புளிமாங்காய், ஏறினார் கூவிளம். தளையும் ஓடிடுச்சு.

பெரியப்பா: சரி. அணி?

கயல்: இதிலும் மரம் ஏறுகிறவனைத் தவிர யாரும் இல்லை. அதேதான்.

முகில் அண்ணன்: என்கிட்ட இருக்கிற கைடில் உவமை அணின்னு போட்டிருக்கு பெரியப்பா. போட்டோ அனுப்பவா?

பெரியப்பா: அனுப்பு. மேகம் விலகினால் பார்க்கிறேன்.