பாதிக்குப் போட்ட புட், ஏப்ரல் 7 காலையில் இரட்டிப்புக்கு மேல் போனது

பெருந்துறை ரோடு, ஈரோடு

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அன்றைக்கு நிஃப்டி 21,758இல் திறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது, பங்குகளைக் காக்க வாங்கி வைத்த புட் ஆப்ஷனுக்கு 9:15க்குத் திரையில் தெரிந்த ஒரு எண்தான்.

அப்பா காலத்திலிருந்து சேர்ந்த பங்குகள், மொத்தம் 35 லட்சம். வங்கிகள் 14 லட்சம் பீட்டா 1.1, ஐடி 7 லட்சம் 0.9, மருந்தும் சோப்பு வகையறாவும் 6 லட்சம் 0.6, அப்புறம் நம் பக்கத்து சின்னக் கம்பெனிகள் 8 லட்சம் 0.8. ஒவ்வொன்றையும் அதன் பீட்டாவால் பெருக்கிக் கூட்டினால் 31.7 லட்சம் வருகிறது. ஏப்ரல் 2 அன்று நிஃப்டி 23,300 பக்கம், வகுத்தால் 136. அதாவது நிஃப்டி ஒரு புள்ளி இறங்கினால் எனக்கு 136 ரூபாய் போகும். பாதியைக் காப்பாற்றினால் போதும் என்று முடிவு, ஆக 68. மாதக் கடைசி 22,500 புட்டின் டெல்டா 0.15, லாட் 75, அப்படியென்றால் ஒரு லாட்டுக்கு 11 சொச்சம். ஆறு லாட் வாங்கினேன். பிரீமியம் 70 ரூபாய் சுற்றி, மொத்தம் 31,500.

திங்கள் காலையில் அதே புட்டின் டெல்டா 0.7 பக்கம். 450ஐ 0.7ஆல் பெருக்கிப் பாருங்க, 315! கையில் இருக்கும் பங்கோ 136தான். பாதிக்குப் போட்ட ஹெட்ஜ், பங்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகி நிற்கிறது. அந்த நிமிஷம் சந்தை 100 புள்ளி மேலே போனால் புட்டில் 31,500 போகும், பங்கில் 13,600தான் வரும். வெள்ளிக்கிழமை மூடியது 22,904இல், நடுவில் எங்கேயும் நிறுத்திச் சரிசெய்ய வழியே இல்லை.

நான்கு லாட்டை அன்றைக்கே 500க்கு மேல் விற்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பர், "இன்னும் இறங்கும், எதுக்கு விக்கறீங்க" என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 24 எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,246, மீதி இரண்டு லாட் பூஜ்யம். லாபம் வந்தது என்பது வேறு விஷயம். வாங்கும்போது டெல்டாவை வைத்து எண்ணுவது சரியான முறைதானா என்பதுதான் எனக்குத் தீராமல் இருக்கிறது.

கரூர் டெக்ஸ்டைல்ஸ்

டெல்டாவெல்லாம் ஆப்ஷன் விற்கிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்குங்க. நம்மைப் போல வாங்கி வைக்கிறவர்களுக்கு எதுக்கு? 136ஐ 75ஆல் வகுத்தால் 1.8, இரண்டு லாட், முடிந்தது. எந்த ஸ்ட்ரைக் எடுத்தாலும் இரண்டு லாட்தான். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் எனக்கு அப்படித்தான் நின்றது. முந்தின நாள் 23,263இல் மூடிய நிஃப்டி அன்றைக்கு 21,884. அப்போது லாட் 25தான், அதனால் எண்ணிக்கை கூடுதல், ஆனால் கணக்கு இதேதான். மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பங்கில் போனதும் புட்டில் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நீங்கள் ஆறு லாட் வாங்கியது ஹெட்ஜே இல்லை, பந்தயம்.

சாயிபாபா காலனி, கோவை

கரூர்க்காரர் சொல்வதில் பாதி சரி. இரண்டு லாட் என்பது எக்ஸ்பைரி அன்று ஸ்ட்ரைக்குக் கீழே விழுந்தால் முழுசாகத் தாங்கும். ஆனால் "எந்த ஸ்ட்ரைக் எடுத்தாலும்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. 22,500 ஸ்ட்ரைக்கில் இரண்டு லாட் வைத்தால், எக்ஸ்பைரிக் கணக்கில் முதல் 800 புள்ளி அவர் தலையில்தான். 136ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு மேல். அதற்குச் சம்மதமா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஈரோடு தம்பிக்கு: உங்கள் பீட்டா கணக்கில் குறை இல்லை, வாங்கிய நிமிஷத்துக்கு 68 என்பதும் சரி. டெல்டா சொல்வது அடுத்த சின்ன அசைவை மட்டும். தூரத்து ஸ்ட்ரைக்கை டெல்டா பார்த்து எண்ணினால் லாட் கூடிக்கொண்டே போகும், விழும்போது அத்தனையும் சேர்ந்து விழித்துக்கொள்ளும்.

அதே நாளில் 23,300 ஸ்ட்ரைக்கை எடுத்திருந்தால் டெல்டா 0.45 வாக்கில் இருந்திருக்கும். இரண்டு லாட் போட்டால் அதே 67.5. ஆரம்பம் அதே பாதி, ஆனால் எவ்வளவு விழுந்தாலும் 150ஐத் தாண்டாது, பங்கு 136. பாதியில் தொடங்கி விழ விழ முழுசாகிவிடும், காலையில் திரையைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. செலவு அதிகம், என் கணக்கில் 42,000 வாக்கில். பத்தாயிரம் கூடக் கொடுத்து அந்த நிம்மதியை வாங்குகிறோம். நான் வாங்கும் முன் ஒரு தாளில் நிஃப்டி 2, 5, 8 சதவீதம் விழுந்தால் புட்டின் டெல்டா எங்கே நிற்கும் என்று மூன்று வரி எழுதிவிடுவேன். பங்கின் 136ஐ எந்த வரி தாண்டுகிறதோ அங்கே லாட்டைக் குறைப்பேன்.

இன்னொன்று, அன்றைக்கு உங்கள் புட் அப்படி ஏறியதில் விக்ஸ் குதித்ததற்கும் பங்கு உண்டு. 136, 68 கணக்கில் அது வரவே வராது. சந்தை அமைதியானால் அந்தப் பணம் தானாகக் கரையும், அதனால் நான்கு லாட் விற்றது நல்லது. உங்கள் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அந்தச் சின்னக் கம்பெனிகளின் 0.8ஐ மட்டும் நான் நம்ப மாட்டேன். தினசரி விலையில் பீட்டா போட்டால், சரியாக வியாபாரம் நடக்காத பங்குக்கு எண் குறைவாகத்தான் வரும். நிஃப்டி இன்று விழும், அது நாளை மறுநாள்தான் விழும். வார விலையில் போட்டுப் பாருங்கள்.

அவிநாசி ரோடு, திருப்பூர்

இதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. எனக்குப் பங்கு முக்கால்வாசி பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகள், தொழிலும் அதே. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி என்று ஆனதே, அதற்கு முன்பே நிஃப்டி புட் வாங்கி வைத்திருந்தேன், பீட்டாவெல்லாம் போட்டுத்தான். பங்கு எல்லாம் சரிந்தது. நிஃப்டி அசையவே இல்லை என்று சொல்லலாம், புட் அப்படியே கரைந்தது. ஆர்டரை நிறுத்தி வையுங்கள் என்று பையரிடமிருந்து மெயில் வந்த அதே வாரம். அப்போது எத்தனை லாட் வாங்கியிருந்தால் சரியாக இருந்திருக்கும்?

சாயிபாபா காலனி, கோவை

எத்தனை வாங்கினாலும் காப்பாற்றியிருக்காதுங்க. பீட்டா என்பது சந்தையோடு சேர்ந்து ஆடுகிற பகுதியைத்தான் அளக்கும். வரி விழுந்தது பனியன் மேல், நிஃப்டியில் இருக்கும் வங்கி மேல் அல்ல. அந்தப் பங்கைக் குறைப்பதுதான் ஹெட்ஜ், அதுவும் தொழிலும் அதிலேயே இருக்கும்போது.

பொள்ளாச்சி

எல்லோரும் ஒன்றைச் சொல்லவில்லை. புட் வாங்கும் பிரீமியத்துக்கு ரொக்கம் வேண்டும், பங்கை அடகு வைத்த மார்ஜின் ஓடாது. முழுப் பணத்தையும் பங்கில் போட்டுவிட்டு, விழப்போகிறது என்று தோன்றும் நாளில் பத்துப் பங்கை விற்றுப் புட் வாங்குகிறவர்கள் நிறைய. அன்றைக்குப் பிரீமியமும் ஏறிப்போயிருக்கும். தனியாக ஒரு தொகை ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். எந்தக் கிழமை எக்ஸ்பைரி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், வியாழன் போய் 2025 செப்டம்பர் முதல் நிஃப்டிக்குச் செவ்வாய் ஆகிவிட்டது. லாட் அளவும் மாறும், பழைய தாளை வைத்து 75ஆல் வகுக்காதீர்கள்.

கரூர் டெக்ஸ்டைல்ஸ்

கோவை அக்கா, 42,000 என்பது 35 லட்சத்துக்கு ஒரு மாதத்துக்கே 1.2 சதவீதம். வருஷம் முழுக்கப் போட்டால் என்ன ஆகும்? நான் இன்னும் தூரத்து ஸ்ட்ரைக்கில் இரண்டு லாட் பக்கம்தான்.

பெருந்துறை ரோடு, ஈரோடு

வார விலையில் போட்டுப் பார்த்தேன் அக்கா, சின்னக் கம்பெனிகளுக்கு 1.3 வந்தது. 136 இப்போது 153 ஆகிறது. அன்றைய 75 கணக்கில் இரண்டு லாட் என்றால் 150, கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. செலவு விஷயத்தில் கரூர் அண்ணன் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை, வருஷம் முழுக்க வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.