ஓரத்தில் விழுந்த பாதம்: வெட்டலாமா, அழிக்கலாமா?

கடலோரக்கேமரா: பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுத்துக் கரையேறும் அக்கா ஒருவரின் படம், ஆவணத் தொடருக்காக எடுத்தது. 6000×4000 பிக்சல். வலது ஓரத்தில் யாரோ ஒருவரின் பாதம், 140 பிக்சல் அகலத்துக்கு விழுந்திருக்கிறது. அந்த அளவுக்கு வெட்டினால் அக்காவின் வலைப்பையும் கொஞ்சம் போகிறது. பாதத்தை மட்டும் அழித்துவிட்டால் என்ன தப்பு?

நேர்கோடு: வெட்டுவது எப்போதும் சரி, அழிப்பது எப்போதும் தப்பு. 2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் புகைப்படக்காரர் ஸ்டெபான் ருதிக் பரிசை இழந்தது இதே மாதிரி ஒரு பாத நுனியை அழித்ததற்காகத்தான்.

உப்புக்காற்று: அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். அவர் அகலமான வண்ணப் படத்தில் பெரும்பகுதியை வெட்டி எறிந்து, மிச்சத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். அதற்கெல்லாம் தடையில்லை, கைக்குப் பின்னால் தெரிந்த பாத நுனிதான் குற்றமானது. படத்தை அதிகம் மாற்றியது எது? அளவைப் பார்த்தால் வெட்டுதான். இந்த விதிக்கு என்ன நியாயம்?

படமேசை: நியாயம் இருக்கிறது. படத்துக்கு விளிம்பு உண்டு, அதற்கு வெளியேயும் ஏதோ இருந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் விளிம்புக்கு உள்ளே இருப்பதெல்லாம் அங்கே இருந்தது என்று நம்புகிறார். பாதத்தை அழித்தால் அந்த இடத்தை மென்பொருள் பக்கத்து மணலை நகலெடுத்து நிரப்பும். அந்த மணலைக் கேமரா பார்க்கவே இல்லை. சென்சாரில் ஒட்டிய தூசுப்புள்ளியை நீக்க அனுமதிப்பதும் இதனால்தான். தூசு கேமராவுக்குள் இருந்தது, கரையில் இல்லை.

நேர்கோடு சொன்னதில் முதல் பாதி தவறு. 2020 ஜனவரியில் டாவோஸில் காலநிலைக்காகப் போராடும் ஐந்து இளம்பெண்கள் நின்ற படத்தை ஏபி செய்தி நிறுவனம் வெட்டி வெளியிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரே ஒருவரான வனேசா நகாட்டே வெட்டில் போய்விட்டார். பின்னால் இருந்த கட்டடம் அமைப்பைக் கெடுத்தது என்று விளக்கம் வந்தது. ஒரு பிக்சல்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை, ஆனாலும் அந்தச் சந்திப்பில் யார் இருந்தார்கள் என்பதே மாறிப்போனது.

தம்பி, உங்கள் படத்துக்கு வருகிறேன். வலதில் 140-ல் நிறுத்தினால் பையின் ஓரம் மட்டும் நறுக்கப்பட்டு, கை தவறி வெட்டியது போல இருக்கும். 300 வரை உள்ளே போய்ப் பையின் நடுவிலேயே வெட்டுங்கள். பை தொடர்கிறது என்று கண் புரிந்துகொள்ளும். அகலம் 5700, அதே விகிதத்துக்கு உயரம் 3800. காலை வெயிலில் அந்தக் காலின் நிழல் மணலில் உள்ளே நீண்டிருந்தால் அது இருக்கட்டும். நிழலையும் அழிக்கப் போனால் ஈரமணலில் ஒரே அலைக்கோடு இரண்டு இடத்தில் தெரியும். மூலக்கோப்பை ஆசிரியர் கேட்டுப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடதுபக்கம் மற்ற பெண்கள் நிற்கிறார்களா? நின்றால் அங்கே கை வைக்காதீர்கள். பாசிக்குக் கூட்டமாகத்தான் போவார்கள். அவர்களை வெட்டிவிட்டு ‘தனியாகக் கடலில்’ என்று தலைப்பு வந்தால் அது பொய்ப்படம்.

புதுப்பாலம்: அண்ணே, பாம்பன் தூக்குப்பாலப் படத்தில் குறுக்கே போன மின்கம்பியை நான் எடுத்துவிட்டேன். அதுவும் தப்பா?

படமேசை: நாட்காட்டிக்கு என்றால் இல்லை. அதே படத்தைப் பத்திரிகைக்குச் செய்தியாகக் கொடுத்தால் தப்பு. கம்பி உள்ள மூலத்தைக் கொடுங்கள்.

கடலோரக்கேமரா: இடதில் நான்கு பேர் நிற்கிறார்கள், வெட்டவில்லை. அந்தப் பாதம் பக்கத்தில் நின்ற வீடியோக்காரருடையது. அவர்தான் ‘இன்னொரு தடவை ஏறி வாங்க’ என்று அக்காவைக் கேட்டார்.

படமேசை: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சிரியாவில் எடுத்த படத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு வீடியோ கேமராவை அழித்ததற்காக 2014-ல் புகைப்படக்காரர் நார்சிசோ கொன்ட்ரெராஸுடன் ஏபி உறவை முறித்தது. அங்கே அழித்தது பிழை. உங்கள் படத்தில் அழிக்காமல் ஒழுங்காக வெட்டினாலும் பிழை. அந்தப் பாதம்தான் இது கேட்டு நடத்திய காட்சி என்பதற்கு ஒரே சாட்சி.

உப்புக்காற்று: இதை நான் ஏற்கவில்லை. அந்த அக்கா தினமும் அதே கரையில் அப்படித்தான் ஏறுகிறார். பாதத்தோடு வெளியிட்டு, மீண்டும் நடந்து காட்டியது என்று படக்குறிப்பில் எழுதினால் போதும்.

நேர்கோடு: படக்குறிப்பைப் பாதிப்பேர் படிக்கமாட்டார்கள்.

உப்புக்காற்று: படிக்காதவருக்காகப் படத்தையே தூக்கிப்போடுவதா?

படமேசை: அவர் முதல் தடவை ஏறியபோது எடுத்தது இருக்கிறதா?

கடலோரக்கேமரா: இருக்கிறது. முகத்துக்கு எதிர்வெயில், இருட்டாக விழுந்திருக்கிறது. பின்னால் வியாபாரியின் தராசு.

படமேசை: அதையே எடுங்கள். முகத்தின் இருளைக் கொஞ்சம் உயர்த்தலாம். தராசு இருக்கும் பக்கத்தைக் கறுப்பில் மூழ்கடிக்காதீர்கள், அப்படி மறைத்தாலும் அழித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.