காலண்டரில் அடைத்து வைத்த நேரத்தை ஆபீஸில் மதிக்க வைப்பது எப்படி?

பொங்கோல் புதுவரவு:
சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து நாலு மாதம் ஆகிறது, டேட்டா வேலை. தினமும் காலை 9.30 முதல் 11.30 வரை யாரும் கூப்பிடாமல் இருக்க அவுட்லுக்கில் அடைத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் அதே நேரத்துக்கு மீட்டிங் வைக்கிறார்கள். டீம்ஸில் வெறும் "ஹாய்" மட்டும் வந்து நிற்கிறது. அந்த ஹாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று கை வேலையில் ஓடுவதில்லை. வாய்விட்டுச் சொன்னால், வந்த புதிதிலேயே கறார் பேசுகிறாள் என்று நினைப்பார்களோ? நிஜமான அவசரத்துக்குக் கதவைச் சாத்தவும் எனக்கு மனமில்லை.

ஈசூன் தம்பி:
அக்கா, பயப்படாதீங்க. நெகிழ்வான வேலைமுறைக்கு 2024 டிசம்பர் 1 முதல் இங்கே வழிகாட்டி நெறிகள் இருக்கு. எழுத்தில் கேட்டால் கம்பெனி கொடுத்தே ஆகணும்.

தெம்பனிஸ் அக்கா:
தம்பி சொன்ன தேதி சரி, மற்றது சரியில்லை. முறையாகக் கேட்டால் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. வேலை சார்ந்த காரணம் சொல்லி மறுக்கவும் செய்யலாம். தவிர அது வேலை செய்யும் இடம், நேரம், வேலையின் அளவு பற்றியது. பக்கத்து மேசைக்காரர் பத்து மணிக்கு ஹாய் அனுப்புவதை அது தடுக்காது.

பொங்கோல் தங்கச்சி, முதலில் அந்தப் பதிவைத் திறந்து `Show As` பாரு. `Free` என்று இருந்தால் மீட்டிங் வைக்கிறவருக்கு நீ சும்மா இருப்பதாகத்தான் தெரியும். நான் ஒரு தடவை வியாழன் முழுவதையும் முழுநாள் பதிவாகப் போட்டு வைத்தேன். முழுநாள் பதிவு தானாகவே `Free` ஆகத்தான் விழும் என்று தெரியாமல், அழைப்பு அனுப்பியவர்கள் மேல் ஒரு மாதம் கோபப்பட்டேன். அடுத்து, பதிவு `Private` ஆக இருக்கிறதா பாரு. அப்படியிருந்தால் தலைப்பு யாருக்கும் தெரியாது, நகர்த்தக்கூடிய ஏதோ ஒன்று என்று நினைப்பார்கள்.

அப்புறம் உன் மேலாளரிடம் போய் எந்த நேரம், எந்த வேலைக்கு என்று சொல். அவர் சரி என்ற பிறகு குழுவுக்கு எழுது. நான் அனுப்பியதன் சாரம் இதுதான்: "செவ்வாய் முதல் வியாழன் வரை 9.30 – 11.30 ரிப்போர்ட் சரிபார்ப்பில் இருப்பேன். செய்தி அனுப்புங்கள், 11.30க்குப் பார்த்துப் பதில் சொல்கிறேன். அதற்குள் முடிவு தேவை என்றால் என்ன வேண்டும், எத்தனை மணிக்குள், எத்தனை நிமிடம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு போனில் கூப்பிடுங்கள். வெளியே போகும் ரிப்போர்ட்டில் தப்பு, அல்லது யாராவது என்னால் வேலை நின்று உட்கார்ந்திருப்பது, இரண்டுக்கும் தாராளமாகக் கூப்பிடலாம்."

போன் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. எழுத்தில் எல்லாமே அவசரம் போலத்தான் தெரியும். கூப்பிட வேண்டும் என்றால் ஆள் ஒரு கணம் யோசிப்பார்.

ஜூரோங் நைட் ஷிப்ட்:
எனக்கும் இதே தொல்லைதான். பகலில் தூங்கும்போது ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அணைத்து வைக்கவும் பயம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.

தெம்பனிஸ் அக்கா:
அண்ணா, அணைக்க வேண்டாம். ஐபோன் என்றால் தொந்தரவு வேண்டாம் அமைப்பில் `Allow Repeated Calls` இருக்கும். அதே ஆள் 3 நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும். அப்பா விஷயம் என்றால் உடனே இரண்டாம் தடவை அடியுங்கள் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

பொங்கோல் புதுவரவு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். என் பதிவு `Private` ஆகத்தான் இருந்தது அக்கா! அதை எடுத்தேன், ஐந்து நாளை மூன்றாகக் குறைத்தேன். சென்னைக் குழு 9.30க்கு உட்காரும்போது இங்கே மணி 12, அதனால் அவர்களால் தொல்லை இல்லை. போன புதன் 10.10க்கு ஒருவர் எழுதினார்: "கிளைவாரித் தொகை கூட்டலோடு ஒத்துவரவில்லை, 11க்கு அனுப்ப வேண்டும், 10 நிமிடம்." கையோடு போனும் வந்தது. ஒரு கிளை இரண்டு தடவை ஏறியிருந்தது, எட்டு நிமிடத்தில் சரிசெய்து திரும்பிவிட்டேன். அதே வாரம் இன்னொருவர் லீவு அட்டவணை கேட்டுக் கூப்பிட்டார். 11.30க்குச் சொல்கிறேன் என்றேன், சரி என்று வைத்துவிட்டார்.

தெம்பனிஸ் அக்கா:
அதைத்தான் விடாமல் செய்ய வேண்டும். ஹாய்க்கு இரண்டு நிமிடத்தில் நீயே பதில் போட்டால் உன் நேரத்தை நீயே திறந்துவிட்டாய் என்று அர்த்தம். யார் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று குறித்துக்கொண்டே வா. தினமும் ஒன்று வந்தால் குற்றம் அவர்கள் மேல் இல்லை, உன் நேரம் தப்பான இடத்தில் இருக்கிறது.

பொங்கோல் புதுவரவு:
குறித்ததில் ஆறு அழைப்பு. நாலு மேலாளருடையது, அவர் ஒரு வரி எழுதாமல் நேராகக் கூப்பிடுகிறார். அவரிடமும் காரணம் கேட்கலாமா?

ஈசூன் தம்பி:
மேலாளரிடம் எப்படிக்கா கேட்பது, விட்டுடுங்க.

தெம்பனிஸ் அக்கா:
நான் விடமாட்டேன். அந்த நாலும் எத்தனை மணிக்கு வந்தது என்று பார். எல்லாம் அவருடைய 11 மணி மீட்டிங்குக்குக் கொஞ்சம் முன்னால் என்றால், 9.15க்கே போய் "இன்றைக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமா" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்.

பொங்கோல் புதுவரவு:
பார்த்தேன். மூன்று அப்படித்தான், ஒன்று மட்டும் 9.40க்கு. செவ்வாய் முதல் கேட்டுப் பார்க்கிறேன்.